ஓப்பன் பைல் கேட்டால் அது பரீட்சை இல்லை

டிசைன் வேலை தேடும் இடத்தில் வந்த சிக்கலோடு என்னிடம் வந்தவர்களில் இந்த வருடம் இது நாலாவது ஆள். முதல் மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இனி ஊருக்கே சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

களுவாஞ்சிகுடித் தங்கச்சி ஒருத்தி. டிசைன் படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவள். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கொழும்பு விளம்பர நிறுவனம் ஒன்று போட்ட அறிவித்தலுக்கு விண்ணப்பித்தாள். அடுத்த நாளே பதில் வந்தது. பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கிறது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முடித்த விளம்பரம் ஒன்றை அனுப்பி, தமிழில் செய்து ஆறு அளவுகளில் தரவேண்டும், நாளை காலை பத்து மணிக்குள், லேயர் பிரிந்திருக்கிற .psd பைலோடு, அதாவது யாரும் திறந்து மாற்றக்கூடிய ஓப்பன் பைலோடு என்று கேட்டிருந்தார்கள். பெயர் "ட்ரையல் டாஸ்க்". அவள் இரவு இரண்டு மணிவரை இருந்து செய்து அனுப்பினாள். அதற்குப் பிறகு பதில் இல்லை.

பொங்கலுக்கு முதல் நாள் கல்லடியில் ஒரு கடை வாசலில் அந்தப் பேனர் தொங்கியது. தொலைபேசியில் படத்தைக் காட்டி, "அக்கா, இந்தச் சொல்லப் பாருங்க" என்றாள். அவர்கள் அனுப்பிய தமிழில் "தள்ளுபடி" என்று இருந்ததாம். நம்மூர்க் கடையில் அப்படி யார் சொல்கிறார்கள் என்று அவளாகவே "விலைக்கழிவு" என்று மாற்றியிருந்தாள். பேனரில் "விலைக்கழிவு" என்றே இருந்தது. வரி உடைத்த இடமும் அவள் உடைத்த இடம்தான். "என்ட வேலதான் அக்கா, ஆனா ஒண்டும் தரல்ல."

பதினொரு வருடம் கொழும்பு ஏஜென்சிகளில் இருந்துவிட்டு வந்தவள் நான். ஆட்களைத் தேர்வு செய்யப் பரீட்சை வேலை நானும் கொடுத்திருக்கிறேன். பரீட்சை வைப்பது பிழையில்லை. எதைப் பரீட்சிக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் யோசனையையும் கையையும் பார்க்க விரும்புகிறவருக்கு ஒரே ஒரு படம் போதும். கற்பனையான கடைப் பெயரைக் கொடுப்பார், இரண்டு மூன்று மணித்தியாலத்தில் முடிகிற வேலையாகத் தருவார், சாதாரண .jpg அனுப்பினாலே திருப்திப்படுவார், பிறகு ஏன் இந்த எழுத்தை எடுத்தீர்கள் என்று கேட்பார். உண்மையான லோகோவும் உண்மையான தொலைபேசி இலக்கமும் வேலை விவரம் சொல்லும் பிரீபில் இருந்தால், ஆறு அளவு கேட்டால், கெடுவுக்குப் பின்னால் ஒரு பண்டிகை நின்றால், எல்லாவற்றுக்கும் மேலாக ஓப்பன் பைல் கேட்டால், அங்கே நடப்பது வேலை வாங்குதல். லேயர் இருக்கிற பைல் மதிப்பெண் போடுகிறவருக்குத் தேவையில்லை. விலையை மாற்றி அச்சுக்கு அனுப்புகிறவருக்குத்தான் தேவை.

நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் இது கூடுதலாக நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. பல ஏஜென்சிகளில் தமிழ் கடைசியில்தான் வரும். சிங்களமும் ஆங்கிலமும் வாடிக்கையாளர் பார்த்து ஒப்புதல் ஆன பிறகு, வெளியிடுவதற்கு முதல் நாள் இரவு, "இதைத் தமிழில் போட்டுத் தாருங்கள்" என்பார்கள். அங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்த டிசைனர் இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக உடையும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றினால் எல்லாம் குப்பையாகும். தமிழ் வரி நீளம் என்பதால் பெட்டிக்குள் அடங்காது. இதைக் கண் பார்த்துச் சரிசெய்கிறவர் அவர்களுக்குக் காசு கொடுத்து வாங்கவேண்டிய ஆள். அந்த வேலையைத்தான் பரீட்சை என்ற பெயரில் இலவசமாக எடுக்கிறார்கள்.

எனக்கு ஆகக் கூடுதலாகக் கோபம் வருவது "போர்ட்ஃபோலியோவுக்கு உண்மையான வாடிக்கையாளர் வேலை வேணும், அதாலதான் சும்மா செய்து குடுத்தன்" என்ற பேச்சில். இதை யார் சொல்லித்தந்தது? புதிதாக வருகிறவரின் போர்ட்ஃபோலியோவில் நான் பார்த்தது ஆறேழு வேலைகள், அவ்வளவுதான். நாற்பது பொங்கல் வாழ்த்தை நான் உருட்டிக்கூடப் பார்த்ததில்லை. அந்த ஆறில் வாடிக்கையாளர் ஒருவரும் இல்லாமல் இருக்கலாம். உங்கள் வீதியில் இருக்கிற பேக்கரியின் பெயர்ப்பலகையை நீங்களாகவே திருத்தி வடிவமைத்து, "இது பயிற்சிக்காக நானே எடுத்துக்கொண்ட வேலை" என்று கீழே எழுதுங்கள். பழைய பலகையின் படம், முதலில் கிறுக்கிய இரண்டு தாள், கடைசி வடிவம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். யோசிக்கத் தெரிந்த ஆள் என்று அதில் தெரிந்துவிடும். கேன்வா டெம்ப்ளேட்டில் பெயரை மாற்றி வைத்தால் அதுவும் தெரியும். இலவசமாகச் செய்து கொடுத்த வேலை பேனராகத் தொங்கினாலும், அதை உங்களுடையது என்று நிரூபிக்கவே நீங்கள் படாதபாடு படவேண்டும். அதனால் போர்ட்ஃபோலியோவுக்கு என்ன லாபம்?

சம்பளத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். அந்தத் தங்கச்சிக்கு முன்னர் வந்த தம்பிக்கு வேலை தருகிறவர்கள் சொன்னது, "கைக்கு 32,000, ஆறு மாதம் ட்ரெய்னிங், ஈ.பி.எஃப் இல்லை". பெரிய தொகை போல அவனுக்குப் பட்டது. கணக்குப் போட்டுக் காட்டினேன். 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதற்கு மேல் முதலாளி தன் பக்கமிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் கட்டவேண்டும். ஆகக் குறைந்த சம்பளம் கொடுக்கிறவருக்கே மாதம் 34,500 செலவு. அதாவது அந்த 32,000 முதலாளிக்குச் சட்டப்படியான அடிமட்டத்தைவிட 2,500 ரூபா மலிவு. ட்ரெய்னிங், புரொபேஷன் என்று எந்தப் பெயர் வைத்தாலும் சேமலாப நிதி முதல் நாளிலிருந்தே உண்டு. நியமனக் கடிதம் எப்போது தருவீர்கள் என்று கேளுங்கள். "முதல்ல வேலையைப் பார்ப்பம்" என்று பதில் வந்தால் எழும்பி வாருங்கள்.

பரீட்சை வேலை வந்தால் தொடங்குவதற்கு முன்னர் இந்த ஒரு வரியை மின்னஞ்சலில் அனுப்புங்கள்: "இது தேர்வுக்காக மட்டும். நீங்கள் பாவிப்பதாயின் ஒரு வடிவத்துக்கு 1,500 ரூபா; ஓப்பன் பைல் அந்தக் கட்டணத்துக்குப் பிறகு." தொகையை உங்கள் வேலைக்கு ஏற்றபடி போடுங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவில் சொல்லவேண்டாம், எழுதுங்கள். எழுதி வைத்த உடன்பாடு இல்லாத இடத்தில், சொல்லிச் செய்வித்த வேலையின் பொருளாதார உரிமை செய்வித்தவருக்கே என்று 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தைக் காட்டி அவர்கள் வாதாடலாம். உங்கள் வரி முன்கூட்டியே அங்கே இருந்தால் பேச உங்களுக்கு ஒரு பிடி இருக்கும். அனுப்புவது சிறிய .jpg, நடுவில் உங்கள் பெயர் மெல்லிதாக ஓடட்டும். நேர்மையான இடம் இதற்குக் கோபிக்காது. நான் ஆள் எடுத்த காலத்தில் இப்படி எழுதி அனுப்பிய பிள்ளையைத்தான் முதலில் கூப்பிட்டிருப்பேன்.

ஏற்கனவே கொடுத்துவிட்டவர்கள் தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். அந்தக் களுவாஞ்சிகுடித் தங்கச்சியிடம் பிரீப் வந்த மின்னஞ்சல் இருந்தது, திகதியோடு .psd இருந்தது, பேனரின் படம் இருந்தது. திட்டி எழுத வேண்டாம் என்று சொல்லி, ஆறு வடிவம், ஒன்றுக்கு 1,500, மொத்தம் 9,000 ரூபா என்று ஒரு பில் போட்டு, அந்த மூன்றையும் இணைத்து, நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு அனுப்ப வைத்தேன். வேலைக்கு ஆள் எடுத்தவருக்குப் பிரதி மட்டும். பதினொரு நாள் கழித்து, ஒரு சொல்கூட இல்லாமல், 9,000 ரூபா அவளுடைய கணக்கில் விழுந்திருந்தது.