எல்.சி.யில் ஒரு "சுமார்": மார்ஜின் ஏன் கூடுகிறது?

மண்டபம் பகுதியில் மீன்பிடி வலை தயாரிக்கும் வாசகர் ஒருவர், தம் எல்.சி. 1,00,000 டாலருக்கே திறக்கப்பட்டிருக்க, தணிக்கை முடிந்ததும் வங்கி கூடுதல் மார்ஜின் கேட்பது ஏன் என்று எழுதியிருந்தார். வலை நூலுக்கான பாலிஎத்திலீன் குருணை 100 டன், டன்னுக்கு 1,000 டாலர் விலையில், தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வரவிருந்தது.

எல்.சி. என்பது, உரிய ஆவணங்கள் வந்தால் விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதி. அதற்கு ஈடாக இறக்குமதியாளரிடம் முன்கூட்டி வாங்கி வைக்கும் தொகையே மார்ஜின். டாலரை 80 ரூபாய் என்றும், மார்ஜினை 20 சதவீதம் என்றும் கொண்டால், 80 லட்சத்துக்கு 16 லட்சம் ஆகிறது. கிளை வாங்கியதும் அதுவே.

தணிக்கையாளர் எல்.சி. செய்தியின் இரண்டு வரிகளைச் சேர்த்துப் படித்திருக்கிறார்:

```
:32B:USD100000,
:39A:10/10
```

இரண்டாவது வரி, தொகை பத்து சதவீதம் கூடவோ குறையவோ செய்யலாம் என்கிறது. அப்படியானால் வங்கி கொடுக்க நேரும் உச்சத் தொகை 1,10,000 டாலர், அதாவது 88 லட்சம் ரூபாய், மார்ஜின் 17.6 லட்சமாக இருந்திருக்க வேண்டும். முதல் வரியை மட்டும் பார்த்துக் கணக்கிட்டதால் 1.6 லட்சம் குறைந்தது.

இதில் எனக்கு மிகப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. எல்.சி.களுக்கான சர்வதேச விதித்தொகுப்பாக 2007 முதல் நடைமுறையிலுள்ள யூ.சி.பி. 600-இன் 30-ஆம் பிரிவின்படி, "சுமார்" என்ற பொருள் தரும் சொல்லுக்குப் பத்து சதவீத நெகிழ்வு உண்டு. ஆனால் அது எதற்கு முன் நிற்கிறதோ அதற்கு மட்டுமே உண்டு. 39A இல்லாமல், சரக்கு விவரத்தில் மட்டும் "சுமார் 100 டன்" என்றிருந்தால், 110 டன் அனுப்பலாம், எல்.சி.யின் கீழ் 1,00,000 டாலருக்கு மேல் பெற முடியாது. அங்கே 16 லட்சமே சரி. "சுமார்" எங்குமே இல்லாவிட்டாலும், அந்த 1,00,000 டாலருக்குள் அளவில் ஐந்து சதவீத நெகிழ்வு கிடைக்கும். ஆனால் "100 டன்" என்பதற்குப் பதிலாக "4,000 மூட்டை" என்று எண்ணிக்கையில் எழுதியிருந்தால் அதுவும் கிடைக்காது, 4,100 மூட்டை வந்தால் அது முரண்பாடு.

முரண்பாடு கண்ட வங்கி, ஆவணங்கள் வந்த மறுநாளிலிருந்து ஐந்து வங்கி வேலைநாள்களுக்குள், எல்லாக் குறைகளையும் ஒரே அறிவிப்பில் சொல்லி மறுக்க வேண்டும். ஆறாம் நாள் மறுத்தால் அம்மறுப்பு செல்லாது, பணம் கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே மறுப்புக் கடிதத்தின் நகலைக் கண்டதும் மார்ஜின் வைப்புத்தொகையை விடுவிப்பதை நான் கடுமையான தவறாகக் கருதுகிறேன். ஆவணங்கள் வந்த தேதி, மறுப்பு சென்ற தேதி, மார்ஜின் விடுவித்த தேதி ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும் தணிக்கையாளருக்கே அந்த ஓட்டை தெரியும்.