உருப்படி: சலவைக் கடைக்கு ஒரு பெயர்

சித்தி மகன் சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் சலவைக் கடை தொடங்குகிறான். மூன்று டவர், 280 வீடு. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் துணிப்பையை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். இரண்டு நாளில் துவைத்துத் தேய்த்து அதே வாசலில் கொண்டுவந்து வைக்க வேண்டும். கடைக்குப் பெயர் கேட்டு வந்தவன், தானே ஒரு தாளில் சில பெயர்களை எழுதிக் கொண்டுவந்திருந்தான்: நம்பிக்கை லாண்டரி, வெள்ளாவி, தூய வெளுப்பகம், உலர் சலவையகம்.

"அண்ணா, இங்க யாரும் பத்து ரூபா கூட கொறச்சன்னு பார்க்க மாட்டாங்க. சொன்ன நாள்ல வரணும், குடுத்தது அத்தனையும் வரணும். அது பேர்லயே தெரியணும்" என்றான். சரி என்று அந்தத் தாளில் இருந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்.

லாண்டரியில் சொல்ல அதிகம் இல்லை. லத்தீனில் 'லவாரே' என்றால் கழுவுதல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து லாண்டரி ஆனது. தமிழில் அதற்கு நிகராக எல்லோர் வாயிலும் இருக்கும் சொல் சலவை. ஆனால் இந்தச் சலவை எங்கிருந்து வந்தது என்பதில்தான் சுவையே இருக்கிறது. சலம் என்றால் நீர், அதிலிருந்து சலவை வந்தது என்று பலரும் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கோ தெலுங்குப் பக்கம்தான் கண் போகிறது. அங்கே 'சலுவ' என்றால் குளிர்ச்சி. அதே சொல்லுக்கு வெளுத்த துணி என்ற பொருளும் உண்டு. பளிங்குக் கல்லை அவர்கள் 'சலுவராயி', அதாவது குளிர்ந்த கல், என்கிறார்கள். நாமும் அந்தக் கல்லைச் சலவைக்கல் என்றுதானே சொல்கிறோம்? அந்தக் கல்லை யாரும் சலவை செய்வதில்லை. துணி, கல் இரண்டிலும் இரு மொழிகளும் இப்படி ஒத்துப்போவதால், சலுவயும் சலவையும் ஒரே சொல் என்றே நினைக்கிறேன். வெயிலில் காய்ந்து மடித்து வைத்த பருத்தி வேட்டியை எடுத்து உடுத்தும்போது உடம்பில் படும் அந்தக் குளிர்ச்சி தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

சலவை என்ற சொல்லுக்கு எவ்வளவு வயதோ, தொழிலுக்கு வயது அதிகம். புறநானூற்றில் ஔவையார் பாடிய 311ஆம் பாட்டு, "களர்ப்படு கூவல் தோண்டி நாளும் புலைத்தி கழீஇய தூவெள் அறுவை" என்று தொடங்குகிறது. களர் நிலத்தில் குழி தோண்டி, ஊறி வரும் நீரில் துணி வெளுப்பவள் நாள்தோறும் கழுவிய வெள்ளைத் துணி என்பது பொருள். குடிக்க உதவாத அந்த உவர் நீர்தான் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். சோப்பு வருவதற்கு முன் உவர்மண்தான் சோப்பு. பாட்டில் உள்ள வினை கழுவு. அதோடு 'நாளும்' என்ற சொல்லையும் தம்பிக்குக் காட்டினேன். ஒரு நாள் வந்து மறுநாள் வராத வேலையாக இது அன்றும் இருக்கவில்லை.

அடுத்து வெளுப்பகம். வெளு என்றால் வெள்ளையாக்கு. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேலையும் கட்டிய காலத்தில் அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. இன்று வரும் பையைப் பிரித்தால் ஜீன்ஸ், குர்த்தி, பள்ளிச் சீருடை என்று எல்லாமே கலர். கலர் துணிக்கு 'வெளுத்துப்போச்சு' என்றால் சாயம் போய்விட்டது என்று அர்த்தம். சாயம் போகுமோ என்று பயந்து கொடுப்பவரிடம் வெளுப்பகம் என்று போர்டு வைக்கலாமா? துவை என்ற சொல்லுக்கும் இதே மாதிரி ஒரு தொல்லை உண்டு. அடிப்பதும் இடிப்பதும் அதன் பொருளுக்குள் இருப்பவை. தேங்காயையும் பருப்பையும் வைத்துச் செய்வதைத் துவையல் என்பது அதனால்தான். கல்லில் அடித்துத் துவைத்த காலத்துக்கு அது சரி. மெஷினில் மென்மையாக அலசுகிறோம் என்று சொல்ல வந்தவனுக்குப் பொருந்தாது.

வெள்ளாவி எனக்கு மிகவும் பிடித்த சொல். துணியை உவர்மண் கரைத்த நீரில் முக்கி, கொதிக்கும் பானையின் மேல் சுற்றிலும் அடுக்கி, இராத்திரி முழுக்க ஆவியில் வேகவிடுவார்கள். விடிந்ததும் துறைக்குக் கொண்டுபோய் அடித்து அலசுவார்கள். பருத்திக்குள் ஏறிய அழுக்கும் வியர்வையும் அந்த ஆவியில்தான் இளகும். ஆனால் தம்பியிடம் இருப்பது இரண்டு வாஷிங் மெஷின், ஒரு டிரையர், ஒரு ஸ்டீம் அயர்ன். வெள்ளாவி வைக்காத கடைக்கு வெள்ளாவி என்று பெயர் வைத்தால், நம்பகமான கடை என்று சொல்வதற்கு முன்பே ஒரு பொய் சொன்னதாகிவிடும். மனமில்லாமல்தான் அதை அடித்தேன்.

மிச்சம் இருந்தது உலர் சலவை. டிரை கிளீனிங் என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்த பெயர் இது. அகராதியிலும் பத்திரிகையிலும் நிலைத்துவிட்டது. சிக்கல் மூலச் சொல்லிலேயே இருக்கிறது. டிரை கிளீனிங்கில் துணி நன்றாக நனையும். நனைப்பது தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கரைப்பானையோ, பெர்க் என்று தொழிலில் சொல்லும் பெர்குளோரோஎத்திலீனையோ டிரம்முக்குள் விட்டுச் சுழற்றுவார்கள். நம் ஊரில் பட்டுச் சேலையைப் 'பெட்ரோல் வாஷ்' கொடுப்பது என்று பெண்கள் சொல்வது, உலர் சலவை என்பதைவிட உண்மைக்கு நெருக்கமான பெயர்.

தண்ணீர் பட்டால் பட்டு, கம்பளி இழைகள் உப்பிச் சுருங்கும், சாயம் கசியும். கரைப்பானில் அது நடக்காது. எண்ணெயும் நெய்யும் அதில் எளிதாகக் கரைந்துவிடும். ஆனால் சர்க்கரையும் உப்பும் கரையாது. கல்யாணத்தில் மடியில் சிந்திய பாயசமும், ரவிக்கை அக்குளில் ஊறிய வியர்வையும் டிரை கிளீனிங் முடிந்து வந்த பிறகும் அங்கேயே இருக்கும். சர்க்கரைக் கறை காய்ந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. சூடான இஸ்திரிப் பெட்டி பட்டதும் பழுப்பாக எழும்பும். அதனால் மெஷினில் போடுவதற்கு முன்பே அந்த இடத்தை மட்டும் ஈரத்தால் ஒற்றி எடுக்க வேண்டும். எங்கே என்ன சிந்தியது என்று கேட்டு வாங்காத கடையில் இது தப்பிவிடும்.

இதில் பெயரால் வரும் குழப்பமும் ஒன்று உண்டு. உலர் என்றால் காய்தல். உலர் சலவை என்று படிப்பவர், துவைத்து டிரையரில் உலர்த்தித் தருவார்கள் போலிருக்கிறது என்று நினைப்பது இயல்பு. என் வீட்டிலேயே இது நடந்தது. ஒரு கடையின் சீட்டில் உலர் சலவை என்ற கட்டத்தில் டிக் போட்டு ஒரு கம்பளிச் சால்வையைக் கொடுத்தோம். வாங்கிய பையன் அதை வாஷ் அண்ட் டிரை என்று புரிந்துகொண்டு மெஷினில் போட்டுவிட்டான். அம்மாவின் சால்வை, குழந்தைக்குப் போர்த்தும் அளவில் திரும்பி வந்தது. அப்போதிருந்து நான் நீரில்லாச் சலவை என்றுதான் எழுதுகிறேன். படித்தவுடன் இந்தத் துணியில் தண்ணீர் படக்கூடாது என்று புரியும். சீட்டை வாங்கும் பையனுக்கும் புரியும், கொடுக்கிறவருக்கும் புரியும்.

சரி, இதெல்லாம் வேலையின் பெயர்கள். தம்பி கேட்ட நம்பகத்துக்கு என்ன செய்வது? நம்பிக்கை என்று போர்டில் எழுதினால் நம்பிக்கை வந்துவிடாது. 'உண்மை', 'நேர்மை' என்று பெயர் வைத்த கடைகளும் எல்லாத் தெருவிலும் இருக்கின்றன. அப்புறம் பழைய ஆட்கள் இந்த நம்பிக்கையை எதில் வைத்திருந்தார்கள் என்று யோசித்தேன். எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையில் மூட்டை கட்டும் காட்சி நினைவுக்கு வந்தது. அழுக்கெடுக்க வருபவர் துணியை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார்; பாட்டி காலண்டரின் பின்பக்கம் எழுதிக்கொள்வாள். கடைசியில் அவர் கேட்பார்: "மொத்தம் எத்தன உருப்படிம்மா?"

அந்தச் சொல்தான். உரு என்றால் வடிவம். உருப்படு என்றால் வடிவம் பெறு, நல்ல நிலைக்கு வா. அதில் பிறந்த உருப்படி, தனித்தனியாக எண்ணக்கூடிய ஒரு பொருள். சலவையில் வேட்டியும் ஒரு உருப்படி, கைக்குட்டையும் ஒரு உருப்படி. கச்சேரியில் பாடும் கீர்த்தனையையும் உருப்படி என்பார்கள். மலையாளத்திலும் இந்தச் சொல் இருக்கிறது. தபாலில் வரும் பொருள்களை அங்கே உருப்படி என்கிறார்கள். அந்தக் குடியிருப்பில் இருக்கும் மலையாளிகளுக்கும் பெயர் அந்நியமாக இருக்காது. இன்னொரு பக்கம், சொன்னதை ஒழுங்காகச் செய்து முடிப்பவரை 'உருப்படியான ஆள்' என்கிறோம். தம்பி கேட்ட இரண்டும், அதாவது எண்ணிக்கை குறையாமையும் வேலை ஒழுங்கும், இந்த ஒரு சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன.

தம்பி மனைவிக்குத் தயக்கம். "ஒரு சட்டை காணாமப் போனா, உருப்படாத கடைன்னு குரூப்ல போட்டுடுவாங்களே மாமா" என்றாள். நியாயமான பயம். அதற்குப் பெயரை மாற்றுவதைவிட எண்ணிக்கையைக் காப்பதுதான் வழி. முன்பு அதற்குக் குறி இருந்தது. சேராங்கொட்டையில் ஊசியைக் குத்தி, அந்தப் பாலால் கழுத்துப் பட்டியின் உள்பக்கம் வீட்டுக்கு ஒரு குறி போடுவார்கள். மேலே கொஞ்சம் சுண்ணாம்பு பட்டால் கருத்துவிடும். துணி கிழியும் வரை போகாது. அந்தப் பால் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும், அதனால் இன்று அதைத் தொட வேண்டாம். பதிலாகத் துணி நாடாவில் டவர், வீட்டு எண், உருப்படி எண் மூன்றையும் அச்சிட்டு ஊக்கில் மாட்டப் போகிறார்கள். பி டவர் 704இலிருந்து 9 துணி வந்தால், கடைசி நாடாவில் 9/9 என்று இருக்கும். மடித்துக் கட்டும்போது 8/9 வரைக்கும்தான் இருந்தால் பை கடையை விட்டுப் போகாது.

பதிவு செய்யவும் இந்தப் பெயர் தோதானது. 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, வேலையையோ தரத்தையோ அப்படியே சொல்லும் பெயர்களுக்குப் பதிவு கிடைப்பது கடினம். நம்பிக்கை லாண்டரிக்கு அந்தத் தடை வரும். உருப்படிக்கு வர வாய்ப்பு குறைவு. சலவையும் டிரை கிளீனிங்கும் வரும் வகை 37. வணிகக் குறிப் பதிவகத்தின் இணையத் தேடலில் அந்த வகையில் இதே பெயரும், ஒலியில் இதை ஒத்த பெயரும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெயிண்டருக்குச் சொல்ல வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

போர்டில் தமிழ் முதலில், பெரிதாக: உருப்படி. அதன் கீழே: சலவை, நீரில்லாச் சலவை, தேய்ப்பு. நீரில்லாச் சலவைக்குப் பக்கத்தில் சின்னதாக டிரை கிளீனிங் என்றும் இருக்கட்டும். புதுச் சொல் பழகும் வரை அது வேண்டும். சீட்டில் இரண்டே வரி. முதல் வரி உருப்படி எத்தனை, இரண்டாவது வரி எந்தக் கிழமை.