வலு: ‘i மடங்கு i’ என்பது ஏன் பிழை

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். சிக்கலெண் பாடம் முடிந்த ஒரு மாலையில், தமிழில் குரல் மாற்றிய ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு வந்த மாணவன் ஒருவன் பலகையில் i^i = −1 என்று எழுதினான். “i ஐ i மடங்காக்கினால் மெய்யெண் வரும் என்கிறார்கள் சேர். i மடங்கு i என்றால் i × i தானே? −1. மெய்யெண்தான்” என்றான். அவன் கணக்கில் பிழையில்லை. பிழை அவன் காதில் விழுந்த சொல்லில் இருந்தது.

எண்ணின் தலைமேல் எழுதும் சிற்றெண்ணால் வருவதை நம் பாடநூல்கள் ‘வலு’ என்கின்றன. வல் என்ற வேர். வலிமை, வல்லமை எல்லாம் அதன் பிள்ளைகள். கிரேக்கர் வர்க்கத்தைக் குறிக்கப் பயன்படுத்திய சொல்லுக்கும் வலிமை என்றுதான் பொருள். அது இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, நம்மிடம் வலுவாயிற்று. வன்னியில் ‘வலு கெட்டிக்காரன்’ என்று நாள்தோறும் சொல்கிறோம். ஆகவே சொல் அந்நியமும் இல்லை. சொற்பிறப்பு இவ்வளவு போதும்.

சண்டை ‘மடங்கு’ என்பதோடுதான். எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், மடங்கு தூய தமிழ், மடங்குதலில் பிறந்தது, துணியை மடிப்பதுபோல் எண்ணை மடிக்கிறோம் என்று வாதிடுவார். தூய்மையில் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் சொல் தூயதாக இருந்துவிட்டால் பொருள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. சந்தையில் வெங்காயம் மூன்று மடங்கு விலையேறிவிட்டது என்றால், 200 ரூபாய் 600 ஆகிவிட்டது என்று எல்லோருக்கும் விளங்கும். 200 ஐ மூன்று தரம் எழுதிப் பெருக்கி 80 இலட்சம் என்று எந்த வியாபாரியும் கேட்கமாட்டார். இரண்டின் மூன்று மடங்கு ஆறு. இரண்டின் மூன்றாம் வலு எட்டு. பெருக்கலுக்கு ஊர் முழுக்க வழங்கும் சொல்லை எடுத்து வலுவுக்குச் சூட்டினால், பிள்ளை −1 தான் எழுதும்.

‘சக்தி’ என்று மொழிபெயர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நம் பௌதிகவியல் நூலில் சக்தி யூலில் அளக்கப்படுவது. அதை i இன் தலையில் ஏன் ஏற்றுகிறார்களோ தெரியவில்லை. தமிழ்நாட்டு ‘அடுக்கு’ இவற்றைவிட எவ்வளவோ மேல். ஆயினும் அடுக்கு என்றதும் எத்தனை தட்டு என்று எண்ணத் தோன்றும். மூன்று தட்டு உண்டு. i தட்டு என்று ஒன்று இல்லை. வலு எண்ணிக்கை எதையும் வாக்களிப்பதில்லை. பௌதிகவியலில் உவாற்றில் அளப்பதும் வலுதான் என்று யாரேனும் குறை சொல்லலாம். ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அவர்கள் குழம்பியதாகத் தெரியவில்லை.

உண்மையில் எண்ணிக்கை என்ற நினைப்பை 2 இன் அரை வலுவிலேயே நாம் கைவிட்டுவிட்டோம். அரைத் தரம் பெருக்குவது எப்படி? பொதுவான பொருள் இதுதான்: a இன் மடக்கையை b ஆல் பெருக்கி, கிடைத்ததை e இன் தலையில் ஏற்றினால் வருவது a^b. இதை i க்குச் செய்ய, i இன் மடக்கை வேண்டும். அதாவது e ஐ எந்த வலுவுக்கு உயர்த்தினால் i வரும்?

e^(iθ) என்பது ஓரலகு ஆரையுள்ள வட்டத்தில் 1 என்ற புள்ளியிலிருந்து θ கோணம் சுற்றி நிற்கும் புள்ளி. கால் சுற்றுச் சுற்றினால் i. ஆகவே i = e^(iπ/2); மடக்கை iπ/2. இப்போது அதை i ஆல் பெருக்குங்கள். i × i = −1, மிஞ்சுவது −π/2.

```
i^i = e^(i × iπ/2) = e^(−π/2) = 0.2079
```

மெய்யெண் வந்தது இப்படித்தான். i இன் மடக்கை முழுக்க கற்பனை அச்சில் நிற்கிறது. i ஆல் பெருக்குவது அதைக் கால் சுற்றுத் திருப்பி மெய்யச்சில் கிடத்துகிறது. e இன் மெய் வலு மெய்யெண்ணாகத்தானே இருக்கும். இந்தப் பெறுமானத்தை 1746 இல் ஒயிலர் கோல்ட்பாக்குக்குக் கடிதத்தில் எழுதினார்.

காணொளியில் இன்னொரு கொடுமை: i^i க்கு ‘முடிவிலிப் பெறுமானம்’ உண்டு என்றார்கள். அப்படியென்றால் பெறுமானமே முடிவிலி என்றாகிறது. சொல்ல வேண்டியது ‘எண்ணிறந்த பெறுமானங்கள்’. ஒவ்வொன்றும் முடிவுள்ள எண். அவற்றின் எண்ணிக்கைக்குத்தான் முடிவில்லை.

காரணத்தை வகுப்புக்கு வெளியே நின்ற சைக்கிளில் காட்டினேன். கவிழ்த்து வைத்து, வால்வு வலப்பக்கம் இருக்கும்படி முன்சில்லைப் பிடித்து, இடஞ்சுழியாகச் சுற்றினேன். வால்வு உச்சிக்கு வந்து நின்றது. அந்த இடம் i. கால் சுற்றா, ஒன்றேகாலா, அல்லது மறுபக்கமாக முக்கால் சுற்றா என்று பின்னால் வந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கோணத்தை நாம் ‘வீசல்’ என்பது இதனால்தான் எனக்குப் பிடிக்கும்: வீசிய கை எத்தனை சுற்றுச் சுற்றியது என்பது சொல்லுக்குள்ளேயே திறந்து கிடக்கிறது. எனவே i இன் மடக்கை i(π/2 + 2πk), k எந்த முழுவெண்ணாகவும் இருக்கலாம்.

வர்க்கித்தால் இந்த முழுச் சுற்றுகள் தொல்லை தருவதில்லை. ஒரு சுற்று இரண்டாகும். வால்வு அதே இடம். அரை வலுவில் ஒரு சுற்று அரைச் சுற்றாகும். அதனால்தான் வர்க்கமூலத்துக்கு இரண்டு விடை. i ஆம் வலுவிலோ சுற்று சுற்றாகவே இருப்பதில்லை. 2πi ஐ i ஆல் பெருக்க −2π வருகிறது. ஒவ்வொரு சுற்றும் விடையை ஏறத்தாழ 535 ஆல் வகுக்கிறது. k = 0 எனில் 0.2079. k = 1 எனில் 0.000388. k = −1 எனில் 111.3. எல்லாம் மெய், எல்லாம் நேர், எதுவும் மீண்டும் வராது. −π க்கும் π க்கும் இடைப்பட்ட தலைமை வீசலை எடுத்தால் மட்டும் 0.2079 என்று ஒன்று நிலைக்கிறது. கணினி தருவதும் அதையே.

‘கற்பனையைக் கற்பனையால் உயர்த்தினால் உண்மை’ என்ற காணொளியின் தலைப்பும் பொய். i இன் மட்டு 1 என்பதால், அதன் மடக்கையில் மெய்ப்பகுதி பூச்சியம். அதனால்தான் கணக்கு ஒத்துவந்தது. 2i ஐ எடுங்கள். மடக்கையில் ln 2 சேர்கிறது. i ஆல் பெருக்கியதும் அது கற்பனைப் பக்கம் சாய்ந்து, விடை 0.160 + 0.133i ஆகிவிடுகிறது. எந்தச் சுற்றை எடுத்தாலும் அந்தக் கற்பனைப் பகுதி பூச்சியமாகாது.

மாணவன் பலகையில் எழுதிய −1 ஐ அழிக்கப் போனான். “அழிக்க வேண்டாம் தம்பி, சரியான எண்ணைத்தான் எழுதியிருக்கிறீர், இடம்தான் பிழை” என்று சொல்லி, அதற்குக் கீழே ஒரு e ஐப் போட்டு, பக்கத்தில் π/2 ஐ எழுதக் கொடுத்தேன்.