உடைந்த மாத்திரையும் ஈரத் தலையணையும்: முடி உதிர்வு மருந்துகளை யார் தொடக்கூடாது?

முடி உதிர்வுக்கான மருந்துகளில் பயன் உறுதிப்பட்டவையாக மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதித்தருபவை இரண்டுதான்: தலையில் பூசும் மினாக்ஸிடில், விழுங்கும் ஃபினாஸ்டெரைடு. இவற்றைப் பயன்படுத்துபவருக்கு என்ன பக்கவிளைவு வரும் என்பது ஓரளவு பேசப்படுகிறது. ஆனால் அவருடன் ஒரே வீட்டில் இருப்பவர்கள், குறிப்பாகக் கருவுற்ற பெண், கைக்குழந்தை, வளர்ப்புப் பூனை ஆகியோர் இம்மருந்துகளைத் தொட நேர்ந்தால் என்ன ஆகும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த ஆபத்து எந்த மருந்து என்பதைப் பொறுத்தது மட்டுமன்று. அது எந்த வடிவில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது.

ஃபினாஸ்டெரைடு எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்தால், அதைத் தொடக்கூடாதவர் யார் என்பதும் தானாகவே விளங்கிவிடும். ஆண்களின் உடலில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனை, ஐந்து-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றுகிறது. மரபுவழியாக வழுக்கை விழக்கூடிய தலையில், இந்த ஹார்மோன்தான் மயிர்க்கால்களைச் சிறிது சிறிதாகச் சுருக்கி, தடித்த முடி முளைத்த இடத்தில் பூனைமுடி போன்ற மெல்லிய முடியை முளைக்க வைக்கிறது. ஃபினாஸ்டெரைடு அந்த நொதியைத் தடுக்கிறது, ஹார்மோனின் அளவு குறைகிறது, சுருங்குவது நிற்கிறது.

ஆனால் அதே ஹார்மோனுக்கு வாழ்வின் தொடக்கத்தில் வேறொரு வேலை உண்டு. கருவில் வளரும் ஆண் குழந்தையின் புறப் பிறப்புறுப்புகள் ஆண் வடிவம் பெறுவது டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனால்தான். இதற்கான சான்று டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தது. அங்குள்ள ஒரு கிராமத்தில், பிறக்கும்போது பெண் குழந்தைபோலத் தோன்றி, பருவ வயதில் ஆண் உடலமைப்பு பெறும் சிலர் இருந்தனர். அமெரிக்க மருத்துவர் ஜூலியான் இம்பராட்டோ-மெக்கின்லியும் அவருடைய குழுவினரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களுக்கு அந்த நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பதைக் காட்டியது. வளர்ந்த பின் அவர்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்ததும், ஆண்களுக்குரிய வழுக்கை விழாததும் தெரியவந்தன. நொதியைத் தடுத்தால் புரோஸ்டேட் வீக்கத்தையும் வழுக்கையையும் கட்டுப்படுத்தலாம் என்ற எண்ணத்துக்கு வலுவூட்டியது இந்தக் கண்டுபிடிப்பே. அதாவது, மருந்தின் பயனும் அதன் எச்சரிக்கையும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை: வளர்ந்த ஆணுக்கு நாம் வேண்டுமென்றே உண்டாக்கும் நிலை, கருவிலுள்ள ஆண் குழந்தைக்கு நேர்ந்தால் அது பிறவிக் குறைபாடு.

புறப் பிறப்புறுப்புகள் உருவாகும் காலம் பெரும்பாலும் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களுக்குள் வருகிறது. தான் கருவுற்றிருப்பதே ஒரு பெண்ணுக்குத் தெரியாத வாரங்களும் அதில் அடங்கும். ஆகவேதான் மருந்துக் குறிப்பேடுகள், கருவுற்றவர்கள் மட்டுமன்றிக் கருவுறக்கூடிய நிலையில் உள்ள பெண்களும் உடைந்த அல்லது நொறுங்கிய ஃபினாஸ்டெரைடு மாத்திரையைத் தொடக்கூடாது என்கின்றன. 'உடைந்த' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முழு மாத்திரையின் மேல் ஒரு மெல்லிய உறை உண்டு. அது உடையாத வரை, எடுத்துக் கொடுப்பதாலோ பெட்டியில் அடுக்குவதாலோ மருந்து தோலில் படுவதில்லை. கணவரின் மாத்திரை அட்டையை நகர்த்தி வைத்ததற்காக ஒரு கர்ப்பிணி அஞ்ச வேண்டியதில்லை.

உறை எப்போது உடைகிறது? தவறி மிதிபட்டு உடைவது அரிது. வேண்டுமென்றே உடைப்பதுதான் அதிகம். முடி உதிர்வுக்கான மாத்திரை 1 மில்லிகிராம். புரோஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரை 5 மில்லிகிராம். இரண்டிலும் மருந்து ஒன்றே. பெரிய மாத்திரையை வாங்கி நான்காக வெட்டி உண்டால் செலவு குறைகிறது என்று பலர் அப்படிச் செய்கிறார்கள். வெட்டும்போது உறை போய்விடுகிறது. கத்தியிலும் பலகையிலும் கண்ணுக்குத் தெரியாத தூள் தங்குகிறது. எஞ்சிய துண்டுகள் ஒரு சிமிழில் பலர் கைபடும் இடத்தில் கிடக்கின்றன. இத்தூளைத் துடைப்பவர் பெரும்பாலும் மாத்திரை உண்பவராக இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். வெட்டியே தீர வேண்டுமென்றால், அதை உண்பவரே தனிக் கருவியால் வெட்டி, அவரே கழுவி வைக்க வேண்டும்.

டூட்டாஸ்டெரைடு என்ற உறவினர் மருந்து இன்னும் கூடுதல் கவனம் வேண்டுவது. அது மென்மையான உறைக்குள் எண்ணெய்போன்ற திரவமாக வருகிறது. அத்திரவம் தோல் வழியாக உட்செல்லக்கூடியது. ஆகவே கசியும் கேப்ஸ்யூலைப் பெண்களும் குழந்தைகளும் தொடக்கூடாது. உடலிலிருந்து நீங்கவும் இதற்கு மிக நீண்ட காலம் ஆகிறது. எனவே இதை நிறுத்தி 6 மாதம் ஆகும் வரை இரத்ததானம் செய்யக்கூடாது என்கிறார்கள். அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம் அல்லவா? ஃபினாஸ்டெரைடுக்குப் பொதுவாக ஒரு மாதம் சொல்லப்படுகிறது.

இனி, பெட்டியில் எப்படி அடையாளம் காண்பது? முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரை நம்பிப் பயனில்லை. ஒரே வணிகப் பெயரின் கீழ் வெறும் மினாக்ஸிடிலும், இரண்டும் கலந்த கரைசலும், ஷாம்புவும்கூட வரலாம். பெயரின் அருகே சிறிய எழுத்தில் மருந்தின் பொதுப்பெயரும் அளவும் இருக்கும். உட்பொருள் விவரத்திலும் அது மீண்டும் வரும். பொதுப்பெயர் 'ஸ்டெரைடு' என்று முடிந்தால் அது மேலே சொன்ன நொதியைத் தடுக்கும் குடும்பம். பரவலாக அறியப்பட்ட ஸ்டீராய்டு என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. 'டில்' என்று முடிந்தால் இரத்தக் குழாய்களை விரிக்கும் குடும்பம். மினாக்ஸிடில் அதைச் சேர்ந்தது. மினாக்ஸிடில் மாத்திரைப் பெட்டியில் முடியைப் பற்றிய பேச்சே இல்லாமல், உயர் இரத்த அழுத்தத்துக்கான மருந்து என்று மட்டும் இருக்கலாம். அது முதலில் வந்ததே அப்படித்தான்; உண்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்த பிறகே பூசும் கரைசல் உருவாயிற்று.

கலப்புக் கரைசலை ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். 60 மில்லிலிட்டர் குப்பியில் 'மினாக்ஸிடில் 5 சதவீதம், ஃபினாஸ்டெரைடு 0.1 சதவீதம்' என்று அச்சிட்டிருக்கிறது. கரைசலில் சதவீதம் என்பது 100 மில்லிலிட்டரில் எத்தனை கிராம் என்ற அளவு. எனவே ஒரு வேளைக்குப் பூசும் 1 மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் மினாக்ஸிடிலும் 1 மில்லிகிராம் ஃபினாஸ்டெரைடும் இருக்கின்றன. 0.1 என்ற எண் அற்பமாகத் தோன்றினாலும், அது ஒரு முழு மாத்திரையின் அளவு. அதுவும் உறையே இல்லாமல் விரல்நுனியிலும் தலையிலும் திறந்து கிடக்கிறது. தோல் வழியே உட்செல்வது அதில் ஒரு பகுதிதான் என்பது உண்மையே. இருந்தாலும், மாத்திரையைவிடப் பூசுமருந்து பாதுகாப்பானது என்ற பொதுவான எண்ணம், பூசுபவருக்குப் பொருந்தினாலும் பக்கத்தில் இருப்பவருக்குப் பொருந்தாது. பூசும் ஃபினாஸ்டெரைடு பிறர்மீது படக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025-இல் எச்சரித்ததும் இதனால்தான். கர்ப்பிணி உள்ள வீட்டில் ஃபினாஸ்டெரைடு வேண்டுமென்றால், என் மதிப்பீட்டில், உடைக்காத மாத்திரையே மேல்.

அதே குப்பியின் இன்னொரு கணக்கு குழந்தையைப் பற்றியது. 5 மில்லிலிட்டர் கொள்ளும் தேக்கரண்டி அளவு கரைசலை ஒரு குழந்தை குடித்துவிட்டால், 250 மில்லிகிராம் மினாக்ஸிடில் உள்ளே போகிறது. இரத்த அழுத்தத்துக்காக வளர்ந்தவர் ஒரு நாளில் உண்ணும் உச்ச அளவே 100 மில்லிகிராம்தான். இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் வீழ்கிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. குழந்தை சோர்ந்து, வெளிறி, தலைசுற்றி விழலாம்.

குடிக்காமல், பட்டுக்கொண்டே இருப்பதன் விளைவு வேறு. தந்தை தலையில் பூசிக்கொண்டு குழந்தையை மார்பிலோ தோளிலோ சாய்த்து உறங்கவைக்கும்போது, தலையிலும் தலையணையிலும் உள்ள ஈரம் குழந்தையின் தோலுக்கு மாறுகிறது; விரல் சூப்பும்போது வாய்க்கும் போகிறது. கைக்குழந்தையின் முதுகு, கை, கால்களில் அடர்ந்த முடி வளர்ந்த நிகழ்வுகள் ஐரோப்பாவில் பதிவானதால், 2024-இல் ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு இந்த எச்சரிக்கையை மருந்துக் குறிப்பேடுகளில் சேர்க்கச் சொன்னது. தொடர்பை நிறுத்தினால் சில மாதங்களில் அந்த முடி உதிர்ந்துவிடுகிறது. காரணம் தெரியாத முடி வளர்ச்சியோடு குழந்தையை மருத்துவரிடம் கொண்டுசெல்பவர்கள், வீட்டில் யாராவது இந்தக் கரைசலைப் பூசுகிறார்களா என்பதைத் தாமாகவே சொல்லிவிடுவது நல்லது. கேட்க வேண்டும் என்று எல்லா மருத்துவருக்கும் தோன்றாது. தாய்ப்பாலிலும் மினாக்ஸிடில் கலப்பதால், கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் தாமே பூசிக்கொள்வது விலக்கப்பட்டிருக்கிறது.

பூனைகளுக்கோ மினாக்ஸிடில் கொடிய நஞ்சு. பூசியவரின் தலையையோ தலையணையையோ நக்கினாலும் போதும். இதயம் பாதிக்கப்பட்டு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து மூச்சுத்திணறல் வரும், இறந்தும் போகும். பூனை வளர்ப்பவர் இக்கரைசலைத் தவிர்த்து வேறு வழியை மருத்துவரிடம் கேட்பதே சரி என்று நினைக்கிறேன்.

பூசுபவர் செய்ய வேண்டியவை எளியவைதான். பூசிய கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். படுக்கைக்குப் போகும் நேரத்தில் பூசாமல், 2 முதல் 4 மணி நேரம் முன்பே பூசி உலரவிட வேண்டும். உலரும் வரை குழந்தையைத் தூக்கக்கூடாது. தலையணை உறை அவருக்கென்று தனியாக இருக்க வேண்டும்.

கருவுற்றவர் கையில் உடைந்த மாத்திரையோ கலப்புக் கரைசலோ பட்டுவிட்டால், அந்த இடத்தை உடனே சோப்பும் நீரும் கொண்டு கழுவிவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒருமுறை பட்டதாலேயே குழந்தைக்குக் கேடு வந்துவிட்டது என்று பொருளில்லை. குழந்தை குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் காத்திருக்கக்கூடாது. குப்பியையும் அதன் அட்டைப்பெட்டியையும் எடுத்துச் செல்ல வேண்டும். 2 சதவீதமா 5 சதவீதமா, ஃபினாஸ்டெரைடும் கலந்ததா, குப்பியில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற மூன்றையும் கொண்டுதான் குழந்தை எத்தனை மில்லிகிராம் குடித்திருக்கும் என்று மருத்துவர் கணக்கிட முடியும்.