ஸ்கோர்போர்டு படத்திலிருந்து அட்டவணை: கூட்டிப் பார்க்காமல் நம்பாதீர்கள்

பயிற்சியாளர்களுக்காக ஆட்டக் கணக்குகளைத் தொகுத்துக் கொடுப்பது என் வேலை. அவர்கள் அனுப்பும் தரவில் பாதி, கைபேசியில் எடுத்த ஸ்கோர்போர்டு படங்களாகத்தான் வருகிறது. எழுத்துணர் மென்பொருளில் இட்டால் நொடியில் அட்டவணை கிடைத்துவிடுகிறது. அது சரியானதுதானா என்று பார்க்காமல் அப்படியே சராசரி போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை. கிரிக்கெட்டில் இதைச் சரிபார்க்க வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. ஸ்கோர்கார்டுக்குள்ளேயே அதற்கான கணக்கு இருக்கிறது.

20 ஓவர் இன்னிங்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 153, நான்கு விக்கெட். உதிரிகள் 11: வைட் 5, நோ-பால் 2, லெக்-பை 4. படத்தில் இருந்த பேட்டிங் பகுதி, அட்டவணையாக இப்படி வர வேண்டும்:

```
வீரர்,ஓட்டம்,பந்து,அவுட்
1,34,28,1
2,8,11,1
3,61,40,0
4,0,1,1
5,22,19,1
6,17,23,0
```

ஓட்டங்களைக் கூட்டினால் 142. உதிரிகள் 11 சேர்ந்தால் 153. மென்பொருள் இரண்டாம் வீரரின் 8-ஐ 6 என்று படித்திருந்தால் 151-தான் வரும். இரண்டு ஓட்டம் குறைந்தால் நான் முதலில் தேடுவது 8, 6 குழப்பத்தைத்தான். மங்கலான படத்தில் அடிக்கடி மாறிப்போகும் இலக்கங்கள் இவை.

பந்துகளின் கூட்டுத்தொகை 122. இருபது ஓவருக்கு 120 பந்துகள்தானே என்று பதற வேண்டாம். நோ-பால் பேட்டரின் பந்துக் கணக்கில் சேரும், வைட் சேராது. ஆகவே 120 உடன் நோ-பால் 2 சேர்ந்து 122. கணக்கு சரி. அவுட் நெடுவரிசையின் கூட்டுத்தொகை 4. ரன் அவுட் உட்பட விழுந்த விக்கெட்டுகளின் எண்ணிக்கையோடு அது பொருந்த வேண்டும்.

மொத்தம் ஒத்துப்போனாலும் முழுதாக நிம்மதி அடைய முடியாது. ஒருவருக்கு இரண்டு கூடி இன்னொருவருக்கு இரண்டு குறைந்தால் கூட்டல் அதை மறைத்துவிடும். அதற்குத்தான் ஸ்ட்ரைக் ரேட் நெடுவரிசையையும் படத்திலிருந்து எடுத்து வைக்கச் சொல்கிறேன். 11 பந்தில் 8 என்றால் 72.73, 11 பந்தில் 6 என்றால் 54.55. ஓட்டத்தைப் பந்தால் வகுத்து நூறால் பெருக்கி, படத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டால் எந்த வரியில் தவறு என்று உடனே தெரிந்துவிடும்.

பந்துவீச்சுப் பகுதியில் சிக்கல் வேறு. அங்கே எண்ணைச் சரியாகவே படித்திருந்தாலும் கணக்கு தவறிவிடும். 3.4 ஓவர் என்பது மூன்று ஓவரும் நான்கு பந்தும், அதாவது 22 பந்துகள். அட்டவணை மென்பொருளுக்கு அது தெரியாது. வெறும் தசம எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். இதே இன்னிங்ஸில் ஒரு பந்துவீச்சாளர் காயத்தால் 3.4 ஓவரோடு நிறுத்தினார். மிச்ச இரு பந்துகளை வீசியவரின் கணக்கு 2.2. மற்றவர்கள் 4, 4, 4, 2. அப்படியே கூட்டினால் 19.6 என்று வரும். அப்படி ஒரு ஓவர் கணக்கே கிடையாது. ஓவரைப் பந்தாக மாற்றிவிட்டால் தொல்லை இல்லை:

```
=INT(A2)*6+ROUND((A2-INT(A2))*10,0)
```

ROUND அவசியம். தசமக் கழித்தலில் கணினி 0.4-ஐ 0.39999 போல வைத்துக்கொள்ளும். அந்த 3.4 ஓவரில் 31 ஓட்டம் கொடுத்திருந்தால் எகானமி 31×6/22, அதாவது 8.45. தசமமாக வகுத்தால் 9.12. காயத்தோடு வெளியேறிய வீரரின் பெயரில் இந்தத் தவறான எண் ஏறுவது நியாயமே இல்லை.

பந்துவீச்சாளர்கள் கொடுத்த ஓட்டங்களின் கூட்டுத்தொகை 149 வர வேண்டும், 153 அல்ல. லெக்-பை 4 அவர்கள் கணக்கில் சேராது. பை, பெனால்டி ஓட்டங்களும் அப்படியே. வைடும் நோ-பாலும் மட்டுமே அவர்கள் தலையில் விழும்.

இன்னொன்று: 3/9 போன்ற பந்துவீச்சு விவரத்தை ஒட்டினால் மென்பொருள் அதைத் தேதியாக மாற்றிவிடும். முன்கூட்டியே அந்த நெடுவரிசையை உரை வடிவத்துக்கு மாற்றுங்கள். அதைவிட நல்லது, விக்கெட்டையும் ஓட்டத்தையும் தனித்தனி நெடுவரிசையாக வைப்பது.

61* என்ற நட்சத்திரக் குறியை எண்ணோடு விட்டால் அந்த அறை உரையாகிவிடும். கூட்டலிலிருந்து சத்தமில்லாமல் விலகிவிடும். குறியை நீக்கி, அவுட் நெடுவரிசையில் 0 இடுங்கள். அந்த நெடுவரிசை பின்னால் மிகவும் உதவும். மூன்று ஆட்டங்களில் 61*, 34, 22 எடுத்தவரின் சராசரி 117-ஐ ஆட்டமிழந்த இரண்டு தடவையால் வகுத்து வரும் 58.5, மூன்றால் வகுத்து வரும் 39 அல்ல. மட்டையைத் தொடாமலே இருந்தவருக்கு 0 போடாதீர்கள், காலியாக விடுங்கள். AVERAGE சூத்திரம் காலி அறையைத் தாண்டிப்போகும், 0-ஐ ஓர் இன்னிங்ஸாக எண்ணிவிடும்.