கால் வழுக்கினால் எலும்பின் பெயரைத் திருத்திப் பயனில்லை

"மேப்பிங் முழுக்க முடிச்சிட்டேன் அண்ணா, ஒரு எலும்புகூட விடுபடல. ஆனா குழந்தை எண்ணெய் கொட்டின தரையில போற மாதிரி வழுக்கிட்டே போகுது. கை வேற வயித்துக்குள்ள போயிடுது." எங்கள் அனிமேஷன் ஸ்டுடியோவில் சேர்ந்து சில மாதங்களே ஆன தம்பி ஒருவர் என்னிடம் கொண்டுவந்த ஷாட் இது. அப்பாவும் மகளும் கைகோத்துத் தெருவில் நடக்கிறார்கள், அவ்வளவுதான். அப்பாவின் ரிக், அதாவது உருவத்தை அசைக்கும் எலும்புக்கூடு, மிக்சமோ தளத்திலிருந்து வந்தது. அவருடைய நடையும் அங்கிருந்தே எடுத்தது. மகளின் ரிக் ஸ்டுடியோவில் செய்தது, எலும்புப் பெயர்கள் அன்ரியல் எஞ்சின் வழக்கப்படி இருந்தன. அப்பாவின் நடையையே மகளுக்கும் மாற்றியிருந்தார்.

இப்படி ஒரு ரிக்கின் அசைவை இன்னொரு ரிக்குக்கு மாற்றும் ரீடார்கெட் என்றாலே எலும்புப் பெயர்களைப் பொருத்துவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது வேலையின் மிகச் சிறிய பகுதி. நேரம் தின்பவை மற்ற இரண்டு: இரண்டு ரிக்குகளும் எந்த நிலையில் நின்று தொடங்குகின்றன என்பது ஒன்று, கால் நீளம் மற்றொன்று. இந்த ஷாட்டில் இரண்டுமே தவறியிருந்தன.

பெயரை விரைவாகப் பார்த்துவிடலாம். மிக்சமோவில் `mixamorig:LeftLeg` என்று இருப்பது தொடை இல்லை, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு. தொடைக்குப் பெயர் `mixamorig:LeftUpLeg`. அன்ரியல் வழக்கில் இவை முறையே `calf_l`, `thigh_l`. கையிலும் இதே சிக்கல்தான். `LeftShoulder` என்பது காறை எலும்பு, அதாவது `clavicle_l`. `LeftArm` என்பதுதான் மேல்கை, `upperarm_l`. எழுத்து ஒற்றுமையை வைத்துத் தானாகப் பொருத்தும் கருவிகள் இங்கே ஓர் எலும்பு தள்ளிப் பொருத்திவிடும். அதனால் பெயரை நம்பாமல் இடுப்பிலிருந்து கீழே எத்தனையாவது எலும்பு என்று எண்ணிப் பொருத்துங்கள். முதுகில் எண்ணிக்கையே வேறாக இருக்கும். மிக்சமோவில் மூன்று, அன்ரியலின் புதிய மேனெக்வினில் ஐந்து. அங்கே மூன்றின் வளைவை ஐந்துக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும். முதல் மூன்றுக்கு மட்டும் கொடுத்தால் வளைவெல்லாம் அடிமுதுகில் குவிந்து, மேல்முதுகு பலகையாக நிற்கும்.

இனி, வயிற்றுக்குள் போன கை. அசைவு தொடங்கும் முன் ரிக் நிற்கும் நிலைதான் ரெஸ்ட் போஸ்; மிக்சமோ ரிக்கில் அந்த நிலையில் கைகள் தோள் மட்டத்தில் நேராக விரிந்திருக்கும், டி போஸ். மகளின் ரிக்கில் கைகள் ஏறத்தாழ 45 டிகிரி தாழ்ந்திருந்தன, ஏ போஸ். நடக்கும்போது அப்பாவின் கை டி போஸிலிருந்து சுமார் 80 டிகிரி கீழே இறங்கி உடம்போரம் தொங்குகிறது. கருவி அந்த 80 டிகிரியை அப்படியே எடுத்து மகளின் கையில் கூட்டியது. ஏற்கெனவே 45 இறங்கியிருந்த கை மொத்தம் 125 டிகிரி இறங்கி வயிற்றுக்குள் புகுந்தது. தம்பி இதைச் சரிசெய்ய ஒவ்வொரு கீஃப்ரேமிலும் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். அப்படிச் செய்தால் ஊசல் முழுவதும் சாய்ந்த தளத்தில் நடக்கும். முன்னால் வரும்போது சரியாகத் தெரிந்த கை, பின்னால் போகும்போது விலாவை விட்டு விலகும்.

செய்ய வேண்டியது வேறு. கணக்கு தொடங்கும் முன்பே மகளின் ரிக்கையும் டி போஸுக்குக் கொண்டுவந்து, அதைக் குறிப்பு நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும். தோல் ஒட்டியிருக்கும் பைண்ட் போஸைத் தொட வேண்டியதில்லை. கைகளோடு உள்ளங்கை நோக்கும் திசை, பாத விரல் நோக்கும் திசை, முழங்கை மடியும் பக்கம் மூன்றையும் கண்ணால் ஒப்பிடுங்கள். இரண்டு உருவங்களும் ஒரே மாதிரி நின்ற பிறகுதான் இந்தக் கணக்கு:

```
offset  = inverse(S_ref) * T_ref
T_world = S_world * offset
T_local = inverse(T_parent_world) * T_world
```

`S` மூல ரிக், `T` இலக்கு ரிக், எல்லாமே சுழற்சிகள் மட்டும். குறிப்பு நிலையில் இரண்டு எலும்புகளின் அச்சுகள் எவ்வளவு வேறுபட்டு நிற்கின்றனவோ அதை `offset` ஒருமுறை பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு ரிக்கில் எலும்பின் நீளவாக்கு எக்ஸ் அச்சாகவும் இன்னொன்றில் ஒய் அச்சாகவும் இருந்தாலும் அந்த வேறுபாடு இதிலேயே தீர்ந்துவிடும். தாய் எலும்பை முதலில் முடித்துவிட்டுப் பிள்ளைக்கு வர வேண்டும், இடுப்பிலிருந்து விரல் நுனி வரை அந்த வரிசையில். எனக்கு ஒரு சோதனை உண்டு: அனிமேஷனுக்குப் பதில் மூல ரிக்கின் குறிப்பு நிலையையே ஒரு ஃபிரேமாகக் கொடுத்து மாற்றிப் பார்ப்பேன். இலக்கு ரிக் தன் டி போஸில் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு விரல் திரும்பினாலும் அங்கேயே நிறுத்திவிட்டுப் பார்ப்பேன்.

அடுத்தது வழுக்கல். அப்பாவின் இடுப்பு எலும்பு தரையிலிருந்து 100 செ.மீ. உயரம், மகளுக்கு 60. சுழற்சிகள் கோணங்கள்தானே, அவை அளவைப் பார்ப்பதில்லை. தொடை 25 டிகிரி முன்னால் வீசினால் யாருக்கும் 25 டிகிரிதான். ஆனால் இடுப்பின் நகர்வு சென்டிமீட்டரில் பதிவாகியிருக்கிறது. மிக்சமோ ரிக்கில் தனியாக ரூட் எலும்பு கிடையாது, முன்னால் போகும் தூரமெல்லாம் `mixamorig:Hips` மேலேயே இருக்கும். இந்த நடையில் இரண்டு எட்டு வைத்து முடிக்கும்போது இடுப்பு 140 செ.மீ. முன்னேறியது. மகளின் கால்கள் அதே கோணங்களில் வீசினால் கடக்கக்கூடியது அதில் 0.6 பங்கு, 84 செ.மீ. மீதி 56 செ.மீ. தரையில் இழுபட்டுப் போகிறது, ஓர் எட்டுக்கு 28 செ.மீ. தம்பி கண்ட எண்ணெய்த் தரை இதுதான்.

முதலில் குழந்தை 40 செ.மீ. உயரத்தில் மிதந்ததாகவும், இடுப்பைக் கீழே இழுத்துச் சரிசெய்ததாகவும் சொன்னார். மிதப்பது நின்றது. ஆனால் நடையில் இடுப்பு ஏறி இறங்கும் அளவு அப்பாவுடையதாகவே இருந்தது. அப்பாவுக்கு 4 செ.மீ., மகளுக்கு அது 2.4 ஆகியிருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு எட்டிலும் பாதம் தரைக்குள் புதைந்து எழுந்தது. மூன்று அச்சிலும் ஒரே விகிதம் கொடுக்க வேண்டும்:

```
T_hips = T_hips_ref + (S_hips - S_hips_ref) * 0.6
```

இதற்கு முன்னால் இரண்டு ரிக்கும் ஒரே அலகில் இருக்க வேண்டும். மிக்சமோ கோப்பை பிளெண்டரில் திறந்தால் ஆர்மேச்சரின் அளவு 0.01 என்று நிற்கும். அதை அப்ளை செய்தால் எலும்புகள் சுருங்கும், ஆனால் இடுப்பின் இட கீஃப்ரேம்கள் பழைய எண்களிலேயே இருந்துவிடும். பாத்திரம் முதல் ஃபிரேமிலேயே நூறு மடங்கு தூரத்துக்குப் பறந்துபோவதைப் பார்த்தால் காரணம் இதுதான், அந்த வளைவுகளையும் 0.01 ஆல் பெருக்குங்கள்.

வழுக்கல் நின்றதா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள், கேமரா நகரும் ஷாட்டில் கண் ஏமாறும். இடக் கணுக்காலின் முன்னோக்கிய உலக இடத்தை ஃபிரேம் வாரியாக வரைந்து பாருங்கள். பாதம் முழுவதும் தரையில் படிந்த ஃபிரேமிலிருந்து குதிகால் எழும் ஃபிரேம் வரை கோடு தட்டையாக இருக்க வேண்டும். குதிகால் எழுந்த பிறகு கணுக்கால் விரலடியைச் சுற்றி உருள்வதால் கோடு ஏறுவது இயல்பே. அந்த நேரத்துக்கு `ball_l` எலும்பின் கோட்டைப் பாருங்கள்.

மகளின் கோடு இப்போதும் முழுத் தட்டையாக இல்லை, சில ஃபிரேம்களில் 3 செ.மீ. நகர்ந்தது. அப்பாவுக்குத் தொடையும் கீழ்க்காலும் ஏறக்குறைய சமம். மகளுக்குக் கீழ்க்கால் தொடையைவிடக் குட்டை. ஒரே விகிதத்தில் சுருங்கிய கால் இல்லை என்பதால் அதே கோணங்கள் பாதத்தைச் சற்றே வேறு இடத்தில் கொண்டுபோய் வைக்கின்றன. இங்கே கோணத்தை விட்டுவிட்டு இடத்தைப் பிடிக்க வேண்டும். அப்பாவின் கணுக்கால் இருந்த இடத்தை 0.6 ஆல் பெருக்கி, உயரத்தை மட்டும் மகளின் கணுக்கால் உயரத்துக்கு ஏற்ப வைத்து, நுனியின் இடத்தைக் கொடுத்தால் மூட்டுக் கோணங்களைத் தானே கணக்கிடும் ஐ.கே. மூலம் காலை அங்கே மடக்கினோம். முழங்கால் நோக்கும் திசையை மூல நடையிலிருந்தே எடுத்தோம். ஒரு இடத்தில் இலக்கு ஒரு செ.மீ. எட்டாமல் போய், கால் விறைத்து முழங்கால் வெட்டென்று நிமிர்ந்தது. காலை நீட்டும் வசதியைப் பலர் இதற்காக இயக்குவார்கள். நான் இடுப்பை 1.5 செ.மீ. தாழ்த்துவதையே விரும்புகிறேன். பார்ப்பவருக்கு அது தெரியாது, நீண்ட கால் தெரியும்.

தொழில்நுட்பமாக எல்லாம் சரியான பிறகும் குழந்தை நடந்தது தண்ணீருக்குள் நடப்பதுபோல இருந்தது. அப்பா இரண்டு எட்டை 33 ஃபிரேமில் முடிக்கிறார், நொடிக்கு 30 ஃபிரேம் கணக்கில் 1.1 நொடி. குட்டைக் கால் அதே நேரத்தில் ஆடினால் அது குழந்தை இல்லை, மெதுவாக ஓட்டிய பெரியவர். ஊசலின் நீளம் குறைந்தால் நேரமும் குறையும், நீளத்தின் வர்க்கமூலத்தின்படி. 0.6 இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.775. ஆக மகளின் இயல்பான சுற்று 26 ஃபிரேமுக்கு அருகில். இது தொடக்கப் புள்ளிதான், பாத்திரத்தின் குணம் பார்த்து மாற்றலாம்.

ஆனால் இருவரும் கைகோத்திருக்கிறார்கள், ஒரே வேகத்தில் போயாக வேண்டும். அப்பாவின் வேகம் நொடிக்கு 127 செ.மீ. 84 செ.மீ. நடையில் அதை எட்ட மகள் 20 ஃபிரேமில் சுற்றை முடிக்க வேண்டும், அது கிட்டத்தட்ட ஓட்டம். மகளோடு நடக்கும் அப்பா தன் நடையைக் குறைத்துக்கொள்வார்தானே, அதையே செய்தோம். அப்பாவின் நடையை 126 செ.மீ. ஆக்கி 36 ஃபிரேமுக்கு நீட்டினோம், நொடிக்கு 105 செ.மீ. மகள் 84 செ.மீ. ஐ 24 ஃபிரேமில் கடந்தால் அதே 105 வருகிறது. அப்பா இரண்டு சுற்று நடக்க மகள் மூன்று நடப்பாள், 72 ஃபிரேமில் இருவரும் தொடங்கிய நிலைக்கே திரும்புவார்கள். லூப் தைப்பதும் எளிதாயிற்று.

கோத்த கைகளை ரீடார்கெட் தரவே தராது. தொடுதல் என்பது எந்த எலும்பின் கோணத்திலும் எழுதப்படவில்லை. மைக்கேல் க்ளைச்சர் 1998 இல் இந்தச் சிக்கலைப் பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரையே, தொடுதல் போன்றவற்றைக் கட்டுப்பாடுகளாக எழுதி வைத்துத் தீர்க்கும் வழியில்தான் போகிறது. நாங்கள் அப்பாவின் `mixamorig:LeftHand` எலும்பின் கீழ் ஒரு வெற்றுப் புள்ளியை வைத்து, மகளின் வலக்கையை ஐ.கே.யால் அதில் கட்டினோம். முதலில் அவள் தோள் காது வரை ஏறியது. அப்பா கையை முழு வீச்சில் ஆட்டிக்கொண்டிருந்ததே காரணம். அந்தக் கையின் ஊசலைக் கால்பங்காகக் குறைத்து, முழங்கையைச் சற்று மடக்கி, தோளைக் கொஞ்சம் மகள் பக்கம் சாய்த்தோம். தம்பி மறுபடி கணுக்கால் கோட்டை வரைந்து காட்டினார். தரையில் பாதம் படிந்த ஃபிரேம்களில் அதிகபட்ச நகர்வு 4 மில்லிமீட்டர். ஷாட்டை லைட்டிங்குக்கு அனுப்பினோம்.