அலர்ட்டில் எந்த விலையைப் போடுவது?

ஆன்லைனில் ஒரு பொருளின் விலை நாம் குறித்த எண்ணுக்கு இறங்கினால் செய்தி அனுப்பும் விலை அலர்ட்டை வைத்துவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்தும் ஒரு செய்திகூட வரவில்லை என்று பலர் சொல்வதுண்டு. பெரும்பாலும் சிக்கல் அலர்ட்டில் போட்ட எண்ணில்தான் இருக்கிறது.

பல கடைகளின் விஷ்லிஸ்ட், நாம் பொருளைச் சேர்த்த அன்றைய விலையோடு ஒப்பிட்டுத்தான் "விலை குறைந்துவிட்டது" என்று சொல்லும். சேர்த்த அன்று விலை ஏறியிருந்தால், அது பழைய நிலைக்கு இறங்குவதும் தள்ளுபடிபோலத் தெரியும். அதனால் விலை வரலாறும் வேண்டும். கீப்பா, கேமல்கேமல்கேமல் போன்ற தளங்கள் அமேசான் விலையை அவ்வப்போது பார்த்துப் பதிந்து கிராஃபாகக் காட்டுகின்றன.

ஒரு கேமராவை எடுத்துக்கொள்வோம். வழக்கமான விலை 100 என்று வைப்போம். கடந்த ஓராண்டு கிராஃபில் அது 5 முறை 88-க்கு இறங்கியிருக்கிறது. அதில் 2 முறை இன்னும் இறங்கி 82-ஐத் தொட்டிருக்கிறது. ஒரே ஒருமுறை, சில மணி நேரம் மட்டும், 71. பார்த்தவுடன் 71-ஐப் போடத்தான் கை போகும். ஆனால் அது பதிவுப் பிழையாக இருக்கலாம், கடைசி ஸ்டாக்கைக் காலி செய்த விலையாகவும் இருக்கலாம். மறுபடி வரும் என்று நம்ப, அது இன்னொரு முறையாவது வந்திருக்க வேண்டும்.

88 ஏறக்குறைய பத்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. 82 அரையாண்டுக்கு ஒருமுறை. மூன்று மாதத்துக்குள் கேமரா தேவை என்றால், 88-தான் சரியான இலக்கு. ஆனால் அலர்ட்டில் 89 என்று போடுங்கள். விலை 88.50-இல் நின்றுவிட்டால், 88-க்கு வைத்த அலர்ட் பேசாமல் இருந்துவிடும். அவசரமே இல்லாதவர் 83 போடலாம்.

இதே கிராஃப் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். விற்பனை விழாவுக்குச் சில வாரம் முன்பு விலை 115-க்கு ஏறி, அப்புறம் "25% தள்ளுபடி" என்று வந்தால், கிடைப்பது சுமார் 86. நல்ல விலைதான், ஆனால் உண்மையான குறைப்பு 14 சதவீதமே.

அலர்ட் வந்ததும் முதலில் மாடலைப் பாருங்கள். கறுப்பு நிறத்துக்கு ஒரு விலை, வெள்ளி நிறத்துக்கு வேறு விலை என்று இருக்கும். லென்ஸ் சேர்ந்ததும் சேராததும் ஒரே பக்கத்தில் இருக்கும். விற்பவர் யார், பொருள் புதியதா, டெலிவரிக் கட்டணம் எவ்வளவு என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். கூப்பன், வங்கி அட்டைச் சலுகை பெரும்பாலும் கிராஃபில் வராது. அதனால் 92 என்று காட்டும் நாளில்கூட, பணம் செலுத்தும் பக்கத்தில் 87 ஆகிவிடலாம். விழா நாட்களில் அலர்ட்டை மட்டும் நம்பாமல் அந்தப் பக்கம் வரை போய்ப் பார்ப்பது நல்லது. சில மணி நேரமே நீடிக்கும் சலுகை என்றால், தளம் அதைக் கவனித்து மின்னஞ்சல் அனுப்புவதற்குள் முடிந்தும் போயிருக்கும்.